ப.மு., ஓ.மு., "அழிக்கப்பட்டுவிட்டது": அரசு ஆபீஸ்ல ஒரு கோப்பு எத்தனை வருஷம் இருக்கும்?

2021ல இருந்து ஒவ்வொரு அக்டோபர் மாசமும் மத்திய அரசு ஆபீஸ்கள்ல சிறப்பு இயக்கம்னு ஒண்ணு நடக்குது, பழைய கோப்புகளைக் கழிச்சு, உடைஞ்ச நாற்காலி பீரோவெல்லாம் ஏலம் விட்டு, காலியான அறையைப் போட்டோ எடுத்துப் போடுவாங்க. அந்தப் படங்களைப் பார்த்ததும் நிறைய பேருக்கு வர்ற கேள்வி ஒண்ணுதான், இத்தனை கட்டு கட்டா அழிக்கிறாங்களே, இதுல நம்ம பேப்பர் ஏதாவது போயிருக்குமா? இன்னொரு பக்கம் ஆர்.டி.ஐ.ல ஒரு தகவல் கேட்டா "கோரப்பட்ட ஆவணம் காலாவதியாகி அழிக்கப்பட்டுவிட்டது"ன்னு ஒரே வரியில பதில் வருது, அதை நம்பலாமா, நம்பலைன்னா என்ன கேக்கணும்னு தெரியாம அங்கேயே விட்டுடறோம்.

இது ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு. எந்த வகைக் கோப்பை எத்தனை வருஷம் வெச்சிருக்கணும், அப்புறம் என்ன பண்ணணும்னு சொல்ற ஒரு அட்டவணை. ரெக்கார்ட் ரிட்டென்ஷன் ஷெட்யூல்னு சொல்வாங்க, இந்தக் கட்டுரையில காலக்கெடு அட்டவணைன்னே வெச்சுக்கலாம். அதைப் படிக்கத் தெரிஞ்சா, "அழிச்சாச்சு"ங்கிற பதில் சரியா தப்பான்னு நாமே பெரும்பாலும் கணக்குப் போட்டுடலாம்.

அட்டவணையில என்ன இருக்கும்

பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும். ஒரு பக்கம் ஆவண வகை: விடுப்பு, பயணப்படி பில், சம்பளப் பட்டியல், ரொக்கப் பதிவேடு, கொள்கை முடிவுக் கோப்பு இப்படி. எதிர்ல எத்தனை வருஷம். அதுக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு, "தணிக்கை முடிஞ்ச பிறகு", "பணிப்பதிவேட்டுல பதிவு ஏறின பிறகு" மாதிரி. பலபேர் அந்த வருஷ எண்ணை மட்டும் பார்த்துட்டுப் போயிடறாங்க, ஆனா உண்மையில சண்டை வர்றதெல்லாம் அந்தக் குறிப்பு வரியிலதான்.

மத்திய அரசுல எல்லா அமைச்சகத்துக்கும் பொதுவான வேலைகளுக்கு, அதாவது ஆள் எடுக்கிறது, விடுப்பு, கட்டடம், வாகனம் இந்த மாதிரி விஷயங்களுக்கு ஒரு பொது அட்டவணை இருக்கு. தன்னோட சொந்த வேலை சம்பந்தமான கோப்புக்கு அந்தந்தத் துறையே தனி அட்டவணை போட்டுக்கணும். கணக்கு சம்பந்தமான ஆவணங்களுக்கு பொது நிதி விதிகளோட இணைப்பு ஒண்ணு இருக்கு. கோப்புகளை மூணா பிரிப்பாங்க:

1. ஏ வகை: என்னைக்கும் வெச்சிருக்கணும், மைக்ரோஃபிலிமும் எடுக்கணும். அரசோட உரிமை, கடமைக்கு சாட்சியா இருக்கிறது, பெரிய கொள்கை முடிவு, பின்னாடி முன்னுதாரணமா காட்டப்படுறது இதெல்லாம்.
2. பி வகை: வெச்சிருக்கணும், ஆனா மைக்ரோஃபிலிம் வேண்டாம்.
3. சி வகை: குறிப்பிட்ட காலம் மட்டும், அதிகபட்சம் 10 வருஷம். சி-3ன்னு போட்டிருந்தா 3 வருஷம், சி-5ன்னா 5.

ஏ, பி ரெண்டையும் 25 வருஷம் ஆனதும் தேசிய ஆவணக் காப்பகத்தோட கலந்து மறுபடி பார்க்கணும், காப்பகத்துக்கு அனுப்பணுமா வேண்டாமான்னு அப்பத்தான் முடிவாகும்.

நம்ம ஊர் கடிதத்துல இருக்கிற அந்த ரெண்டு எழுத்து

தமிழ்நாட்டுல கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், கல்வித்துறை ஆபீஸ்ல இருந்து வர்ற கடிதத்தோட தலைப்பக்கம் கவனிச்சுப் பாருங்க. சிலதுல "ந.க.எண்"ன்னு இருக்கும், சிலதுல "ப.மு.", "மூ.மு.", "ஓ.மு."ன்னு இருக்கும். இது சும்மா வரிசை எண் இல்ல, அந்தக் கோப்போட ஆயுசே அந்த எழுத்துலதான் இருக்கு.

ந.க. எண்ணோட இருக்கிற வரைக்கும் கோப்பு நடப்புல இருக்கு, யாரோ ஒரு உதவியாளரோட தன்பதிவேட்டுல அது நிலுவையா நிக்குது. வேலை முடிஞ்சு இறுதி ஆணை போட்டதும் அந்த எழுத்து மாறும், கோப்பு பதிவறைக்குப் போகும். மாறுற எழுத்துகள் இவை:

1. நி.மு., நிரந்தர முடிவு. இங்கிலீஷ் வழக்குல ஆர்.டிஸ்.னு சொல்வாங்க. அழிக்கக் கூடாது.
2. ப.மு., பத்தாண்டு முடிவு, டி.டிஸ். முடிச்ச பிறகு 10 வருஷம்.
3. மூ.மு., மூன்றாண்டு முடிவு, கே.டிஸ். 3 வருஷம்.
4. ஓ.மு., ஓராண்டு முடிவு, எல்.டிஸ். ஒரே வருஷம்.

இது போக என்.டிஸ்.னு ஒண்ணு இருக்கு, வந்த பேப்பரையே அசலா இன்னொரு ஆபீஸுக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க, இங்க எதுவும் இல்லைன்னு அர்த்தம். "இங்க இல்லைங்க, அங்க போய்க் கேளுங்க"ன்னு நம்மளை அலைய விடுற இடத்துல நிஜமாவே அப்படி நடந்திருக்கான்னு இந்த எழுத்தைக் கேட்டே தெரிஞ்சுக்கலாம்.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற விஷயம், இந்த எழுத்தைப் போடுற நேரம். கோப்பைத் திறக்கும்போது இல்ல, மூடும்போது. அந்தச் சீட்டுல இருக்கிற உதவியாளர் "முடிக்கலாம், ஓ.மு."ன்னு எழுதி மேல அனுப்புவார், மேல இருக்கிறவர் கையெழுத்துப் போடுவார். பெரும்பாலும் இறுதி ஆணையை மட்டும்தான் நிறுத்திப் படிப்பாங்க, ஓரத்துல இருக்கிற அந்த ரெண்டு எழுத்தை யாரும் உத்துப் பார்க்கிறதில்ல. ஆனா அடுத்த வருஷம் அந்தக் கோப்பு இருக்குமா, இன்னும் பத்து வருஷம் இருக்குமான்னு தீர்மானிக்கிறது அந்த ஓரத்து எழுத்துதான்.

எந்த நாள்ல இருந்து எண்ணணும்

குழப்பத்துல பாதி இங்கதான் வருது. ஒரு உதாரணம் எடுத்துக்கலாம், கற்பனை உதாரணம்தான். 2009 மார்ச்ல ஒரு ஆக்கிரமிப்புப் புகார் மேல கோப்பு திறக்கிறாங்க, எண்ணுல /2009னு இருக்கு. நோட்டீஸ், பதில், அளவை, இடையில கோர்ட்டுல தடை, எல்லாம் முடிஞ்சு 2014 ஆகஸ்ட்ல இறுதி ஆணை போட்டு ப.மு.னு மூடறாங்க. இந்தக் கோப்பு எப்ப வரைக்கும் இருக்கணும்?

எண்ணைப் பார்த்து எண்ணினா 2019. ஆனா சரியான பதில் 2024 ஆகஸ்ட். ஏன்னா எண்ணுல இருக்கிற வருஷம் கோப்பு பிறந்த வருஷம், அதுக்குப் பக்கத்துல "நாள்"னு போட்டிருக்கிற தேதிதான் முடிச்ச தேதி, கெடு அங்கிருந்துதான் ஓட ஆரம்பிக்கும். 2021ல ஒருத்தர் கேட்டு "2009 கோப்பு, பத்து வருஷம் தாண்டிடுச்சு, அழிச்சாச்சு"ன்னு பதில் வந்தா அந்தப் பதிலே விதிமீறலை ஒத்துக்கிட்ட மாதிரிதான், பதில் எழுதினவருக்கே அது தெரியாம இருக்கலாம்.

மத்திய அரசுலயும் இதே கணக்குதான். நடவடிக்கை முடிஞ்சு கோப்பு மூடப்பட்ட வருஷத்துல இருந்து எண்ணணும், அதை எடுத்துப் பதிவறைக்கு வகைப்படுத்தி அனுப்பின வருஷத்துல இருந்துன்னு இல்ல. ரெண்டுக்கும் நடுவுல சில ஆபீஸ்ல ஏழெட்டு வருஷம் கூட ஓடிடும், அதனால இந்த வித்தியாசம் சின்னது இல்ல. பதிவேடா இருந்தா அது பயன்பாட்டுல இருந்து நின்ன வருஷத்துல இருந்து எண்ணணும்.

இதோட சேர்த்து மூணு விதிகளை மனசுல வெச்சுக்கணும், மத்திய அரசு நடைமுறையில இது தெளிவாவே இருக்கு:

1. அட்டவணையில போட்டிருக்கிறது குறைந்தபட்ச காலம். தேவைப்பட்டா அதைவிட அதிக நாள் வெச்சிருக்கலாம், ஆனா எந்தக் காரணத்துக்காகவும் குறைக்க முடியாது.
2. ஒரே கோப்புல ரெண்டு விஷயம் இருந்து ரெண்டுக்கும் வேற வேற கெடு இருந்தா, நீளமான கெடுதான் முழுக் கோப்புக்கும்.
3. தணிக்கை ஆட்சேபம் தீராம இருந்தாலோ, வழக்கு நடந்துட்டிருந்தாலோ கெடு முடிஞ்சாலும் தொடக் கூடாது.

மூணாவதுதான் அதிகமா மீறப்படுது, வேணும்னே இல்ல, தெரியாமதான். வழக்கு நடக்கிறது சட்டப் பிரிவுக்குத் தெரியும், தணிக்கை ஆட்சேபம் கணக்குப் பிரிவுக்குத் தெரியும், கட்டை எடுத்து வெளியில போடற பதிவறை எழுத்தருக்கு ரெண்டுமே தெரியாது. கோப்பு அட்டையிலயே சிவப்பு மையில "வழக்கு நிலுவை"ன்னு எழுதி ஒட்டாத ஆபீஸ்ல இது நடந்தே தீரும்.

ஏன் ஒண்ணுக்கு 3 வருஷம், ஒண்ணுக்கு 35 வருஷம்

இந்த எண்கள் குத்துமதிப்பா போட்டது இல்ல. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி "இந்தப் பேப்பரைக் காட்டச் சொல்லி யார், எத்தனை நாளுக்குள்ள கேக்க முடியும்"ங்கிற கேள்வி இருக்கு. உதாரணத்துக்கு, 1963ம் வருஷத்து காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்தப் பணம் வரலைன்னு வழக்குப் போட பொதுவா 3 வருஷம்தான். அதனால சாதாரண செலவு ரசீதுக்கு "3 வருஷம், இல்லைன்னா தணிக்கை முடிஞ்சு ஒரு வருஷம், எது பிந்தியோ அது"ன்னு வெச்சிருக்காங்க. ரொக்கப் பதிவேடு 10 வருஷம். சம்பளப் பட்டியல் 35 வருஷம், ஒரு ஆள் வேலைக்குச் சேர்ந்து ரிட்டயர் ஆகிற காலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், பென்ஷன் கணக்குல சந்தேகம் வந்தா கடைசியா தேடிப் போற இடம் அதுதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு: இந்தப் பேப்பர்ல இருக்கிற சாரம் வேற எங்கயாவது நிரந்தரமான இடத்துல ஏறிடுச்சா? விடுப்பு ஆணை சீக்கிரம் அழியலாம், ஏன்னா பணிப்பதிவேட்டுல விடுப்புக் கணக்குல அது ஏறிடும். ஏறிடுச்சுன்னு பார்த்த பிறகுதான் அழிக்கணும். மொத்த அமைப்பும் இந்த நம்பிக்கையிலதான் நிக்குது, தாய்ப் பதிவேடு ஒழுங்கா இருக்கும், அதனால கிளைப் பேப்பர் போகலாம்னு. தாய்ப் பதிவேட்டுல ஒரு வரி விட்டுப்போனா அந்தத் தப்பு அன்னைக்குத் தெரியாது, கிளைப் பேப்பரும் போன பிறகு, இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

ஒரு ஊழியரோட பேப்பர்களை வெச்சுப் பார்க்கலாம்

இதுவும் கற்பனைதான், ஆனா கணக்கு நிஜம். ஒருத்தர் 1988 ஜூலைல ஒரு மத்திய அரசு ஆபீஸ்ல சேர்றார், 1991ல வேற ஊருக்கு மாற்றல், 1996ல பதவி உயர்வு, 2023 ஜூன்ல ஓய்வு. ஓய்வுக்கு முன்னாடி பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும்போது 1991-92ம் வருஷத்துக்கு "பணி சரிபார்க்கப்பட்டது"ங்கிற குறிப்பு இல்லை. மாற்றல் ஆன வருஷம், பழைய ஆபீஸ் புது ஆபீஸ் போடும்னு விட்டிருக்கு, புது ஆபீஸ் பழைய ஆபீஸ் போட்டிருக்கும்னு விட்டிருக்கு. இப்ப அந்த ஒரு வருஷம் அவர் வேலையில இருந்தார்னு எதை வெச்சுக் காட்டுறது?

மாற்றல் பயணப்படி பில்லைத் தேடினா கிடைக்காது. 3 வருஷம், தணிக்கை 1995ல முடிஞ்சிருந்தா 1996 வரைக்கும், அதுக்கு மேல அது இருக்க வேண்டிய அவசியமே இல்ல. அந்த வருஷம் எடுத்த விடுப்பு ஆணையும் போயிருக்கும். ஆனா 1991-92 சம்பளப் பட்டியல் இருக்கணும், 1992 மார்ச்ல இருந்து 35 வருஷம்னா 2027 மார்ச் வரைக்கும். அதுல அவர் பேரும் மாசா மாசம் வாங்கின சம்பளமும் இருக்கும், அதை வெச்சு சரிபார்த்துப் பதிவைப் போட்டுடலாம். 2023ல இந்தப் பிரச்சனை தீர்ந்துடும்.

இதே ஆள் 2023ல இதைக் கவனிக்கல, 2023 ஜூலைல இறுதி பென்ஷன் ஆணை வந்துடுச்சு, 2029ல ஏதோ ஒரு திருத்தம் வரும்போதுதான் அந்த ஒரு வருஷம் கணக்குல சேரலைன்னு தெரியுதுன்னு வெச்சுக்குங்க. பணிப்பதிவேடு இறுதி பென்ஷன் ஆணை போட்டதுல இருந்து 3 வருஷம்தான், 2026 ஜூலையோட அதைக் கழிக்கலாம். சம்பளப் பட்டியல் 2027லயே போயிருக்கலாம். யாரும் எந்த விதியையும் மீறல, எல்லாம் அட்டவணைப்படிதான் நடந்திருக்கு, ஆனா அவர் கையில ஒண்ணுமே இல்ல.

அவர் கையில ஒண்ணு இருந்திருக்கலாம். மத்திய அரசு ஊழியரோட பணிப்பதிவேட்டை ரெண்டு பிரதியா பராமரிக்கணும்னு நிதி விதிகள்லயே இருக்கு, ஒண்ணு ஆபீஸ் தலைவர்கிட்ட, இன்னொண்ணு ஊழியர்கிட்ட, வருஷா வருஷம் அதைக் கொடுத்துப் புதுப்பிச்சு வாங்கிக்கணும். இதைக் கேட்டு வாங்கி வெச்சிருக்கிறவங்க ரொம்பக் கம்மி. ஆபீஸ் பிரதிக்குத்தான் காலக்கெடு, உங்க வீட்டு பீரோல இருக்கிற பிரதிக்கு எந்த அட்டவணையும் கிடையாது.

தப்பு நடக்கிற இடங்கள்

எழுத்துத் தப்பா போடறதுதான் முதல்ல. நிலத்தோட எல்லையை அளந்த வரைபடம் உள்ள இருக்கிற கோப்பை, கடைசியா நடந்தது "மனுதாரருக்குப் பதில் அனுப்பப்பட்டது"ங்கிறதால ஓ.மு.னு மூடிடுவாங்க. கடைசித் தாளைப் பார்த்து எழுத்தைப் போடறாங்க, உள்ள என்ன இருக்குன்னு பார்த்து இல்ல. ஒரு வருஷத்துல பதில் கடிதத்தோட சேர்ந்து அந்த அளவை வரைபடமும் போயிடும்.

அடுத்தது இதுக்கு நேர் எதிர், மூடாமலே விடறது. முடிஞ்சுபோன வேலைக்கும் முடிவு எழுத்துப் போடாம ந.க.லயே கிடக்கும். கெடு ஓடவே ஆரம்பிக்காது, சட்டப்படி அழிக்கவும் முடியாது, பத்திரமா பதிவறைக்கும் போகாது. பீரோ மேல, மாடிப்படிக்குக் கீழ, கழிப்பறைக்குப் பக்கத்துல அடுக்கி வெச்சு கரையானுக்குப் போகும். அதிகமா அழிக்கிறதைப் பத்தித்தான் எல்லாரும் கவலைப்படறோம், ஆனா என்னைக் கேட்டா இந்த மூடாத கோப்புகளாலதான் நஷ்டம் அதிகம், ஏன்னா இதுல எது போச்சுன்னு ஒரு பட்டியல் கூட இருக்காது.

மூணாவது, பட்டியல் இல்லாம அழிக்கிறது. 1993ம் வருஷத்து பொது ஆவணச் சட்டமும் அதோட 1997 விதிகளும் இதுல கறாரா இருக்கு. அழிக்கப்போற ஆவணங்களுக்குப் பட்டியல் போடணும், கோப்பு போனாலும் அந்தப் பட்டியலை நிரந்தரமா வெச்சிருக்கணும், பொறுப்பான ஆவண அலுவலர் முன்னாடி எரிக்கணும் இல்லைன்னா துண்டு துண்டா வெட்டணும். 25 வருஷத்துக்கு மேல பழசுன்னா மதிப்பிட்டுப் பார்க்காம தொடக் கூடாது. 1892க்கு முந்தின ஆவணத்தை, இனி எதுக்கும் ஆகாத அளவுக்குச் சிதைஞ்சு போச்சுன்னு காப்பகத் தலைவர் சொன்னாலொழிய அழிக்கவே முடியாது. மீறினா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும். ஆனா இந்தச் சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேசங்கள், அவங்களோட நிறுவனங்களுக்குத்தான். மாநில அரசு ஆபீஸ்களுக்கு இது நேரடியா பொருந்தாது, அங்க அந்தந்த மாநிலத்தோட நடைமுறை நூல்கள்தான்.

எல்லாம் விதிப்படி நடந்தும் தப்பாப் போன ஒரு விஷயம்

அட்டவணையோட எல்லை எதுன்னு புரிஞ்சுக்க பிரிட்டன்ல நடந்ததைப் பார்க்கணும். 1950, 60கள்ல கரீபியன் தீவுகள்ல இருந்து கப்பல்ல வந்து இறங்கினவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு இறங்கு சீட்டு இருந்துச்சு, எந்த நாள், எந்தக் கப்பல்னு. அந்தச் சீட்டுகள் லண்டன் பக்கத்துல குரோய்டன்ல உள்துறையோட கட்டடத்துல கீழ்த்தளத்துல கிடந்துச்சு. ஆபீஸ் இடம் மாறும்போது, தேவையில்லாத தனிநபர் விவரங்களை வெச்சிருக்கக் கூடாதுங்கிற காரணத்தையும் சொல்லி 2010ல அழிச்சுட்டாங்க. ஆபீஸ் பார்வையில அது காலாவதியான பேப்பர், அதை வெச்சு எந்த வேலையும் நடக்கல.

ஆனா 1973 ஜனவரி 1க்கு முன்னாடியே வந்து குடியிருந்தவங்களுக்குத்தான் அங்க தங்குற உரிமை தானா இருந்துச்சு, அதுக்குக் கையில சான்றிதழ் எதுவும் கொடுக்கல. 2012க்கு அப்புறம் குடியேற்ற விதிகளை இறுக்கினதும், வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் "நீ எப்ப வந்தே, காட்டு"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. சின்னப் பிள்ளையா அம்மா அப்பாகூட வந்து அம்பது வருஷம் அங்கேயே உழைச்சவங்க காட்ட எதுவும் இல்லாம வேலையை இழந்தாங்க, சிலரை நாடு கடத்தவே செஞ்சாங்க. 2018ல இது பெரிய விவகாரமா வெடிச்சப்பத்தான் சீட்டு அழிஞ்ச விஷயமே வெளியில வந்துச்சு. அந்தச் சீட்டு வந்த நாளைத்தான் காட்டும், தொடர்ந்து இருந்ததைக் காட்டாதுன்னு உள்துறை சொல்லுச்சு. ஆனா பழைய ஆட்களோட வருகைத் தேதியைக் கண்டுபிடிக்க அதைத்தான் எடுத்துப் பார்ப்போம்னு அங்க வேலை பார்த்தவங்களே சொன்னாங்க.

அட்டவணை கேக்கிற கேள்வி "இந்த ஆபீஸுக்கு இது இன்னும் வேணுமா" அப்படிங்கிறதுதான். அந்தப் பேப்பர் யாரைப் பத்தினதோ அவருக்கு அது ஒண்ணுதான் சாட்சியான்னு கேக்கிற கட்டம் அந்த அட்டவணையில இல்லை.

"அழிச்சாச்சு"ன்னு பதில் வந்தா

முதல்ல பதில்ல இருக்கிற வார்த்தையைப் பாருங்க. "அழிக்கப்பட்டது" வேற, "கிடைக்கவில்லை" வேற. அழிச்சதுன்னா விதியும் பட்டியலும் இருக்கணும். கிடைக்கலைன்னு சொல்றது தகவல் மறுக்கிறதுக்கான காரணமே இல்ல, தகவல் உரிமைச் சட்டத்துல விலக்கு சொல்ற பிரிவுகள்ல அப்படி ஒண்ணு கிடையாது. முன்னாடி இருந்த ஆவணம் இப்பக் கிடைக்கலைன்னா நல்லாத் தேடணும், விசாரிச்சு யார் பொறுப்புன்னு பார்க்கணும்னு டெல்லி உயர்நீதிமன்றம் 2013லயே சொல்லியிருக்கு.

அழிச்சாச்சுன்னே பதில் வந்தா மேல்முறையீட்டுலயோ புது மனுவுலயோ இதைக் கேளுங்க:

1. அந்தக் கோப்பு எந்த எழுத்துல, எந்த நாள்ல முடிக்கப்பட்டது?
2. அந்த வகைக் கோப்புக்கு அட்டவணையில எத்தனை வருஷம், அந்தப் பக்கத்தோட நகல்.
3. அழிக்கப்பட்ட ஆவணப் பட்டியல்ல இந்தக் கோப்பு இருக்கிற பக்கத்தோட நகல், அழிச்ச நாள், ஒப்புதல் கொடுத்த அலுவலரோட பதவி.

முதல் ரெண்டுக்கு பதில் வந்தாலே கணக்கு நமக்கே வந்துடும். மூணாவதுக்கு பதில் இல்லைன்னா, அழிச்சதா சொல்றது வெறும் வாய்ப்பேச்சு, கோப்பு அங்கேயே எங்கேயோ ஒரு கட்டுக்குள்ள இருக்கக்கூட வாய்ப்பு இருக்கு.

தேதியையும் பாருங்க. நீங்க மனு கொடுத்த பிறகு அழிச்சிருந்தா அது வேற விஷயம். கேட்ட தகவலை அழிக்கிறது தகவல் உரிமைச் சட்டத்தோட 20வது பிரிவுல தண்டனைக்குரியது, நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரைக்கும் அந்த அலுவலர் சொந்தக் காசுல கட்டணும். அதனால கெடு முடியப்போற கோப்புன்னு தெரிஞ்சா, முழு விவரமும் சேகரிச்ச பிறகு மனு போடலாம்னு காத்திருக்காதீங்க, கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்க மனுவை முதல்ல பதிவு பண்ணிடுங்க. மேல சொன்ன அந்த ஆக்கிரமிப்புக் கோப்புக்கு 2024 ஜூலைல ஒரு மனு போயிருந்தா, ஆகஸ்ட்ல கெடு முடிஞ்சாலும் அந்த மனு முடியற வரைக்கும் அதைத் தொட்டிருக்க முடியாது.